எண் சரி, வினைச்சொல் தப்பு

இந்த வார எபிசோட்ல ஏஐ எழுதுற செய்திகளைப் பற்றிப் பேசினோம். பேச்சு வழக்கம்போல "லேபிள் போட்டா போதுமா?"ன்னு கேட்டதோட நின்னுடுச்சு. போதாதுன்னு நான் நினைக்கிறேன். அதுக்கு எங்கேயோ கலிஃபோர்னியா வரை போகவேண்டாம், நம்ம ஆஸ்திரேலியாவிலேயே நல்ல உதாரணம் ஒண்ணு இருக்கு. அந்தப் பத்திரிகை லேபிளும் போட்டது, ஃபேக்ட் செக்கும் பண்ணியது. அப்படியும் மாட்டிக்கொண்டது.

காஸ்மோஸ் 2005-இல் தொடங்கப்பட்ட அறிவியல் பத்திரிகை. ஸ்கூல் லைப்ரரியில உங்கள்ல சிலர் புரட்டிப் பார்த்திருப்பீங்க. 2024 நடுவில் அது சிஎஸ்ஐஆர்ஓவின் பதிப்புப் பிரிவின் கைக்கு வந்தது. அதே வருஷம் ஜூலையில் தன் தளத்தில் ஆறு விளக்கக் கட்டுரைகளை வெளியிட்டது. எல்லாம் ஜிபிடி-4 மூலம் உருவான ட்ராஃப்ட்கள். வாக்லி ஃபவுண்டேஷன் நடத்திய, மெட்டா பணம் கொடுத்த ஒரு மானியத்தில் நடந்த பரிசோதனை அது. எதையும் மறைக்கவில்லை. ஏஐ உதவியோடு உருவானது என்ற குறிப்பு கட்டுரையிலேயே இருந்தது. பயிற்சி பெற்ற ஒரு அறிவியல் தொடர்பாளர் சரிபார்த்தார், காஸ்மோஸ் ஆசிரியர் குழு எடிட் செய்தது என்றும் சிஎஸ்ஐஆர்ஓ சொன்னது.

ஆகஸ்டில் ஏபிசி இதைச் செய்தியாக்கியதும் பத்திரிகையைத் தொடங்கியவர்களும் முன்னாள் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்களுக்கு வேறு கோபம்: தங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று. அந்தக் கோபம் நியாயமானது, அதைத் தனியாகப் பேசலாம். நான் இங்கே பார்க்க விரும்புவது ஆஸ்திரேலிய அறிவியல் பத்திரிகையாளர் சங்கத்தின் தலைவராக இருந்த ஜாக்சன் ரயன் சுட்டிக்காட்டிய இரண்டு வரிகளை மட்டும்தான்.

இறந்த பிறகு உடலுக்கு என்ன ஆகிறது என்பது ஒரு கட்டுரை. உடல் விறைத்துப்போவது, ரைகர் மார்ட்டிஸ், மூன்று நான்கு மணி நேரத்தில் தொடங்கும் என்று அதில் எழுதியிருந்தது. ஆராய்ச்சி அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை என்றார் ரயன். இரண்டாவது, ஆட்டோலிசிஸ். செல்லுக்குள் இருக்கும் என்சைம்களே அந்தச் செல்லைக் கரைத்துவிடும் நிகழ்வு இது. கட்டுரை இதைத் 'தானே உடைதல்' என்ற பொருள்படும் சொல்லால் விளக்கியிருந்தது.

முதல் வரியை ஒரு செக்கராக நினைத்துப் பாருங்க. "ரைகர் மார்ட்டிஸ் எத்தனை மணி நேரம்"னு தேடுறீங்க. மூணு, நாலுன்னு சொல்ற பக்கங்கள் வரும். டிக் போட்டு அடுத்த வரிக்குப் போயிடுவீங்க. எண் பொய் இல்லையே. ஆனா விறைப்பு எப்போ தொடங்கும்ங்கிறது சுற்றியிருக்கும் வெப்பம், இறக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தசைகள் எவ்வளவு உழைச்சுது, உடம்போட நிலை எல்லாத்தையும் பொறுத்தது. தசைக்குள்ள இருக்கிற ஏடிபி தீர்ந்ததும் தசை நார்கள் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சபடி நின்னுடுது, அதுதான் விறைப்பு. வெயில்ல அது சீக்கிரம் நடக்கும், குளிர்ல தாமதமாகும். வரியில் தொலைந்தது எண் இல்லை, 'பெரும்பாலும்' என்ற சொல்லும், எதைப் பொறுத்து மாறும் என்ற பின்பாதியும்தான்.

இரண்டாவது வரியும் அதே கதை. ஆட்டோ என்றால் தானே, லிசிஸ் என்றால் உடைதல் அல்லது கரைதல். கிரேக்க வேர்ச்சொல்லைப் பார்த்தால் தப்பே இல்லை. எது உடைக்கிறது, எதை வைத்து உடைக்கிறது என்று கேட்டால்தான் ஒன்றும் சொல்லாத வரி என்று தெரியும். டிக்‌ஷனரியை வைத்துச் சரிபார்த்தால் இதுவும் பாஸ்.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய பழைய கேஸ் சிநெட். 2022 நவம்பரிலிருந்து அந்த அமெரிக்கத் தொழில்நுட்பத் தளம் பணம், சேமிப்பு பற்றிய விளக்கக் கட்டுரைகளை ஏஐ ட்ராஃப்டாக எழுதி எடிட்டர்கள் வழியாக வெளியிட்டது. 2023 ஜனவரியில் ஃப்யூச்சரிசம் தளம் இதை வெளியே கொண்டுவந்தது. பிறகு சிநெட்டே தன் கட்டுரைகளைத் திரும்பச் சோதித்தது. 77 கட்டுரைகளில் 41-க்குத் திருத்தம் போடவேண்டி வந்தது. பாதிக்கும் மேல்.

அதில் எல்லோரும் சிரித்த வரி கூட்டுவட்டி பற்றியது. 10,000 டாலரை ஆண்டுக்கு 3 சதவீத வட்டியில் போட்டால், முதல் வருஷ முடிவில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்று எழுதியிருந்தது. கணக்குப் போடுங்க. 10,000-க்கு 3 சதவீதம் 300. சேர்த்தால் 10,300. எண் கச்சிதம்! ஆனால் சம்பாதிப்பது 300 தான். 10,300 என்பது கணக்கில் இருக்கும் தொகை. 'இருக்கும்' என்று வரவேண்டிய இடத்தில் 'சம்பாதிப்பீர்கள்' வந்துவிட்டது. கால்குலேட்டரை எடுத்து எண்ணைச் சரிபார்த்த எடிட்டர் திருப்தியாக அடுத்த வரிக்குப் போயிருப்பார்.

ஏஐ ட்ராஃப்ட் பற்றிப் பேச்சு வந்தாலே நாம் பயப்படுவது இல்லாத புத்தகம், இல்லாத நபர், இல்லாத ஆய்வு இவற்றுக்குத்தான். அந்தப் பயம் சரிதான். 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் ஒரு கோடைகால வாசிப்புப் பட்டியல் போட்டது. 15 புத்தகங்களில் 10 உலகத்திலேயே இல்லை. ஆனால் அந்த வகைத் தப்பைப் பிடிப்பது சுலபம்: பெயரைத் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். கஷ்டமான தப்பு வினைச்சொல்லில் உட்கார்ந்திருக்கும். பெயர் சரி, எண் சரி, ரெண்டையும் சேர்க்கிற சொல் தப்பு.

இது ஏன் நடக்குதுன்னு கோட் எழுதுறவங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவங்களுக்காகச் சுருக்கமா. மொழி மாதிரி ஒரு தகவலை எங்கேயோ ரெக்கார்டா வச்சுக்கிட்டு அதை எடுத்து எழுதுறதில்லை. இதுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம்னு பார்த்து எழுதுது. 10,000, 3 சதவீதம், 10,300 எல்லாம் ஆயிரக்கணக்கான பக்கங்கள்ல பக்கத்துல பக்கத்துல வந்திருக்கும். அதனால அவை சேர்ந்தே வரும். 'சம்பாதிப்பீர்கள்' என்ற சொல்லும் அதே பக்கங்கள்ல நிறைய வந்திருக்கும். எல்லாச் சொந்தக்காரங்களும் கல்யாணத்துக்கு வந்துட்டாங்க, யார் யாருக்கு என்ன முறைங்கிறதுதான் குழப்பம்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மை. ஆங்கிலத்தில் 'மே', 'கேன்', 'யூஷுவலி' எல்லாம் தனிச் சொற்கள். விட்டுப்போனால் கண்ணில் படும். தமிழில் அதே வேலையை வினையின் வால் செய்துவிடுகிறது. 'தொடங்கலாம்' என்றால் வாய்ப்பு. 'தொடங்கும்' என்றால் நிச்சயம். போதாக்குறைக்கு இந்த 'உம்' வழக்கமாக நடப்பதையும் சொல்லும், இனி நடக்கப்போவதையும் சொல்லும். 'இந்த மாத்திரை தூக்கம் தரலாம்', 'இந்த மாத்திரை தூக்கம் தரும்', ரெண்டுக்கும் நடுவுல ஒரு அசைதான் வித்தியாசம். வெஸ்ட்மீட் மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்திருக்கும் ஒருவருக்கு அந்த அசை பெரிய விஷயம். நம்மில் பலர் தமிழ் நன்றாகப் பேசுவோம், ஆனால் வாசிப்பது வேகமாக, கருத்தைப் பிடிப்பதற்காக மட்டும். 'லாம்' எங்கே போனது என்று கவனிக்கிற வாசிப்பு வேறு. தமிழில் ஏஐ ட்ராஃப்ட் பயன்படுத்தும் எந்தக் குழுவும், ரேடியோவோ பத்திரிகையோ கோயில் செய்திமடலோ, அப்படி வாசிக்கத் தெரிந்த ஒருவர் கையில் அதைக் கொடுத்தே ஆகவேண்டும்.

சரி, நிஜமா ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம். கீழே இருக்கிறது மெஷின் எழுதினது இல்லை. இந்த வகை ட்ராஃப்ட்கள்ல வழக்கமா வர்ற தப்புகளை வச்சு நானே எழுதின பயிற்சிப் பத்தி. நம்ம ஏரியா விஷயம்தான்:

"2023-இல் திறக்கப்பட்ட பரமட்டா லைட் ரயில், வெஸ்ட்மீட்டையும் கார்லிங்ஃபோர்டையும் இணைக்கிறது. 12 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையில் 16 நிறுத்தங்கள் உள்ளன. பழைய கார்லிங்ஃபோர்ட் ரயில் பாதை மூடப்பட்டதால் ஏற்பட்ட குறையை இது தீர்த்திருக்கிறது. வெஸ்ட்மீட் மருத்துவமனைக்கு வருபவர்களின் பயண நேரம் கணிசமாகக் குறைந்துள்ளது."

நாலே வரி. நல்லா ஓடுது. முதல்ல எத்தனை கூற்று இருக்குன்னு எண்ணணும். திறந்த ஆண்டு, இணைக்கும் இடங்கள், நீளம், நிறுத்தங்கள், பழைய பாதை மூடப்பட்டது, அந்தக் குறையை இது தீர்த்தது, பயண நேரம் குறைந்தது. மொத்தம் ஏழு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டிக் வேணும். முழுப் பத்திக்கும் ஒரே டிக் போடுற வேலை ஆகாது.

இணைக்கும் இடங்கள், 12 கிலோமீட்டர், 16 நிறுத்தங்கள், மூன்றும் சரி. டிரான்ஸ்போர்ட் ஃபார் என்எஸ்டபிள்யூ பக்கத்தைத் திறந்தால் அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஆண்டு தப்பு. ரயில் ஓடத் தொடங்கியது 2024 டிசம்பர் 20. அப்போ 2023 எங்கிருந்து வந்தது? அது சும்மா வந்த எண் இல்லை. வருஷக்கணக்கா அரசு அறிவிப்புகள்ல 2023-ல திறக்கப்படும்னுதான் இருந்தது. ஒரு நிகழ்வைப் பற்றி அது நடப்பதற்கு முன் எழுதப்பட்டது ஏராளம், நடந்த பிறகு எழுதப்பட்டது கொஞ்சம். அதனால் 'திறக்கப்படும்' என்ற திட்டம் 'திறக்கப்பட்டது' என்று நடந்து முடிந்ததாக மாறிவிடுகிறது. மறுபடியும் வினைச்சொல். இங்கே அவசரமாகத் தேடும் செக்கருக்கு 2023 என்று சொல்லும் அரசுப் பக்கமே கிடைக்கும் ஆபத்து இருக்கிறது! அதனால் சோர்ஸ் எது என்பதோடு அது எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். நிகழ்வுக்கு முந்தைய தேதி கொண்ட சோர்ஸ், நிகழ்வு நடந்ததற்குச் சாட்சி ஆகாது.

மூன்றாவது வரிதான் எனக்குப் பிடித்த பொறி. கார்லிங்ஃபோர்ட் பாதை மூடப்பட்டது உண்மை, 2020 ஜனவரியில். லைட் ரயில் வந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பாதை மூடப்பட்டதே இந்த லைட் ரயிலைக் கட்டுவதற்காகத்தான். கமீலியாவிலிருந்து கார்லிங்ஃபோர்ட் வரை பழைய பாதையின் இடத்திலேயே புதியது ஓடுகிறது. ட்ராஃப்ட் சொல்லும் விதத்தில், யாரோ பாதையை மூடிவிட்டார்கள், பிறகு லைட் ரயில் வந்து காப்பாற்றியது என்று தோன்றும். கிட்டத்தட்ட ஐந்து வருஷம் பஸ்ஸில் சுற்றிய டெலோப்பியா ஆட்களிடம் இதைப் படித்துக்காட்டிப் பாருங்க. இரண்டு தகவலும் தனித்தனியே சரி, காரணகாரியம் தலைகீழ். 'தால்', 'அதனால்', 'இதன் விளைவாக' என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நின்று இந்தத் தொடர்பை எந்த சோர்ஸ் சொல்கிறது என்று கேட்கவேண்டும்.

கடைசி வரிக்கு சோர்ஸே கிடையாது. யாருடைய பயண நேரம், எங்கிருந்து, எதோடு ஒப்பிட்டால்? இந்த மாதிரி வரியைப் பார்த்ததும் எடிட்டர்களுக்குக் கை அரிக்கும், 'குறைந்திருக்கக்கூடும்' என்று மாற்றிவிடலாமே என்று. கூடாது. ஆதாரம் இல்லாத வரியில் 'கூடும்' போட்டால் அது ஆதாரம் இல்லாத ஊகமாகிறது, அவ்வளவுதான். வெட்டவேண்டும்.

ஒரு நிருபர் எழுதின ட்ராஃப்ட்ல இதே வரி இருந்தா செக்கர் என்ன பண்ணுவார்? "இது எங்கே கேட்டீங்க?"ன்னு கூப்பிட்டுக் கேட்பார். நிருபர் நோட்டைப் புரட்டுவார், ஃபோன் நம்பர் கொடுப்பார், இல்லைன்னா "அது நானே எழுதினது, எடுத்துடுங்க"ன்னு சொல்வார். ஏஐ ட்ராஃப்ட்டுக்குப் பின்னால் நோட்டுப் புத்தகம் இல்லை. பழைய ஃபேக்ட் செக் முறை அப்படியே இதற்குப் பொருந்தாததற்கு இதுதான் காரணம். அசோசியேட்டட் பிரஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது: ஜெனரேட்டிவ் ஏஐ தரும் எதையும் சரிபார்க்கப்படாத மூலப்பொருளாகவே நடத்தவேண்டும் என்கிறது. அதாவது டேபிளில் யாரோ போட்டுவிட்டுப்போன பெயரில்லாத கடிதம் மாதிரி. அதை எடிட் செய்வது வேலை இல்லை. அதில் சொல்லியிருப்பது உண்மையா என்று வெளியே போய்த் தேடுவதுதான் வேலை.

நான் ஒரு நியூஸ்ரூமுக்குக் கொள்கை எழுதுவதானால், வரிசையை முதலில் மாற்றுவேன். ட்ராஃப்டை முதலில் வாங்கி, பிறகு அதற்கு ஆதாரம் தேடுவது கூடாது. அப்படித் தேடினால் ஆதாரம் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும், 2023 கிடைத்த மாதிரி. நிருபர் முதலில் சோர்ஸ்களைத் திறந்து வைக்கட்டும், தேதியோடு. அந்த ஆவணங்களிலிருந்து மட்டும் ட்ராஃப்ட் வரட்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் எந்த ஆவணம், எந்தப் பத்தி என்பது பக்கத்தில் இருக்கட்டும். சரிபார்ப்பவர் ட்ராஃப்டை உருவாக்கியவராக இருக்கக்கூடாது. தான் கேட்டு வாங்கின பத்தியில் தப்பு தேட யாருக்கும் மனசு வராது. இது கோட் ரிவ்யூவில் நாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், தன் புல் ரிக்வெஸ்ட்டைத் தானே அப்ரூவ் பண்ண முடியாது.

இதற்கு நேரம் ஆகும். நாலு வரிப் பத்திக்கு ஏழு கூற்று என்றால், ஒரு முழுக் கட்டுரைக்கு நூறைத் தாண்டுவது சுலபம். முறையாகச் செய்தால் ட்ராஃப்டில் மிச்சம் பிடித்த நேரம் பெரும்பாலும் செக்கிங்கில் போய்விடும். காஸ்மோஸ் விஷயத்தில் என்னை உறுத்துவதும் இதுதான். 2024 தொடக்கத்தில் அந்தப் பத்திரிகையில் பலரை வேலையிலிருந்து குறைத்திருந்தார்கள். ரைகர் மார்ட்டிஸ் வரியைப் பார்த்ததும் "அது வெப்பத்தைப் பொறுத்தது இல்லையா?" என்று கேட்க, அந்தத் துறையில் பழகின கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குச் சம்பளம் கொடுக்காமல் செக்கிங் என்ற படியை மட்டும் கொள்கையில் வைத்திருந்தால், அது ஃபாரத்தில் ஒரு கட்டம்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடணும். 2023-இல் நியூஸ் கார்ப் ஆஸ்திரேலியாவின் தலைவர் மைக்கேல் மில்லர், நான்கு பேர் கொண்ட ஒரு குழு ஏஐ உதவியோடு வாரத்துக்கு 3,000 உள்ளூர்ச் செய்திகள் தயாரிக்கிறது என்று ஒரு மாநாட்டில் சொன்னார். பெட்ரோல் விலை, வானிலை, டிராஃபிக் மாதிரி விஷயங்கள். கார்டியன் அதைச் செய்தியாக்கியபோது, அந்தப் பக்கங்களில் வாசகருக்கு எந்த அறிவிப்பும் இல்லை என்றது. 3,000-ஐ நாலு பேர் எப்படி வரிவரியாகச் சரிபார்ப்பார்கள் என்று கேட்டால், முடியாது. ஆனால் உங்க சபர்பில் எந்த பங்க்கில் இன்று மலிவு என்பது மாதிரிச் செய்தியை டேட்டா ஃபீட்டிலிருந்து டெம்ப்ளேட்டில் எண்ணைப் போட்டே எழுதிவிடலாம். அப்படி எழுதினால் வினைச்சொல் மாறாது, அதை ஒரு மனிதர் ஒரு தடவை எழுதிவைத்துவிட்டார். அங்கே சரிபார்க்கவேண்டியது ஒவ்வொரு கட்டுரையையும் இல்லை, ஃபீட்டையும் டெம்ப்ளேட்டையும்.

அது தப்பானால் வேறு மாதிரித் தப்பும். 2017 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் குவேக்பாட், சாண்டா பார்பரா பக்கத்தில் 6.8 அளவு நிலநடுக்கம் என்று செய்தி போட்டது. அந்த நிலநடுக்கம் நடந்தது 1925-இல். பழைய பதிவின் இடத்தைத் திருத்தும்போது தேதி 2025 என்று வெளியே போய்விட்டது, பாட் அதை நம்பிவிட்டது. நிகழ்வின் தேதி இன்றைக்குப் பிறகு இருந்தால் நிறுத்து என்று ஒரு வரி கோட் இருந்திருந்தால் போதும். ஏஐ ட்ராஃப்ட்டுக்கு அப்படி ஒரு வரிக் காவல் கிடையாது. இரண்டையும் 'ஆட்டோமேஷன்' என்ற ஒரே சொல்லில் அடக்கும் கொள்கை எதற்கும் உதவாது.

இப்போ லேபிளுக்கு வருவோம். சிநெட்டிலும் லேபிள் இருந்தது தெரியுமா? எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'சிநெட் மணி ஸ்டாஃப்' என்று போட்டிருந்தார்கள். அதைக் கிளிக் பண்ணினால்தான் தானியங்கித் தொழில்நுட்பத்தில் உருவானது, எடிட்டர் நன்கு சரிபார்த்தார் என்ற வரி தெரியும். முதல் பாதி ஒளிந்திருந்தது, இரண்டாவது பாதி நிஜம் இல்லை. சிட்னியில் நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது காடா ரேடியோ. மேற்கு சிட்னி பிள்ளைகள் கேட்கும் அந்த ஸ்டேஷனில் 'தை' என்ற பெயரில் வந்த தொகுப்பாளரின் குரல் ஏஐ குரல் என்பது, நிகழ்ச்சி சில மாதங்கள் ஓடிய பிறகு 2025 ஏப்ரலில்தான் பரவலாகத் தெரியவந்தது. சொல்லவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அப்போது இங்கே இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் ஒரு நிறுவனத்தின் சொந்தக் கொள்கை மட்டும்தான் வாசகருக்கும் கேட்பவருக்கும் இருக்கும் பாதுகாப்பு.

ஏன் மறைக்கிறார்கள் என்பதும் புரியாத விஷயம் இல்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் டாஃப், ஆக்ஸ்ஃபோர்டின் ஃபெலிக்ஸ் சைமன் இருவரும் 2023-இல் அமெரிக்க வாசகர்களிடம் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஏஐ எழுதியது என்று லேபிள் போட்ட செய்திகளை மக்கள் குறைவாக நம்பினார்கள், அந்தச் செய்தி தப்பு என்றோ ஒருபக்கச் சார்பு என்றோ அவர்கள் நினைக்காதபோதும். உண்மையைச் சொன்னால் நம்பிக்கை குறையும் என்றால் எந்த மேனேஜர் சொல்லுவார்? ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. எந்தெந்த சோர்ஸ்களிலிருந்து எழுதப்பட்டது என்ற பட்டியலும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தச் சரிவு பெரும்பாலும் காணாமல் போனது.

எனக்கு இது ரொம்ப இயல்பாகப் படுகிறது. 'ஏஐ உதவியுடன் உருவாக்கப்பட்டது, மனிதரால் சரிபார்க்கப்பட்டது' என்ற வரியை வைத்து வாசகர் என்ன செய்யமுடியும்? எதைச் சரிபார்த்தார், எதோடு ஒப்பிட்டார், எனக்குச் சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது, எதுவும் அதில் இல்லை. கடையில் 'சுத்தமானது' என்று எழுதி ஒட்டின மாதிரி. மேலே நாம் பிரித்த லைட் ரயில் பத்தியை வெட்டித் திருத்தி வெளியிட்டால், நான் கேட்கும் அறிவிப்பு இப்படி இருக்கும், கட்டுரையின் தலையிலேயே, கிளிக் பண்ணாமல் தெரியும்படி:

"இந்தக் கட்டுரையின் முதல் ட்ராஃப்ட் ஏஐ கருவியில் உருவானது. திறப்புத் தேதி, நீளம், நிறுத்தங்கள் ஆகியவற்றை டிரான்ஸ்போர்ட் ஃபார் என்எஸ்டபிள்யூவின் திறப்புக்குப் பிந்தைய அறிவிப்புடன் எங்கள் எடிட்டர் ஒப்பிட்டார். பயண நேரம் பற்றிய ஒரு வரிக்கு ஆதாரம் கிடைக்காததால் நீக்கிவிட்டோம்."

கீழே சரிபார்த்தவர் பெயர், சோர்ஸின் லிங்க். இதை எழுத முடியாத எடிட்டர் அந்த வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். இந்த லேபிளின் இன்னொரு உபயோகமும் அதுதான், உள்ளே நடக்காத செக்கிங்கை வெளியே எழுத முடியாது.

கொள்கை இருந்தும் வழுக்கின இடமும் உண்டு. 2025 நவம்பரில் பாகிஸ்தானின் டான் நாளிதழ் கார் விற்பனை பற்றி ஒரு செய்தி அச்சிட்டது. கடைசிப் பத்தியில், வேண்டுமானால் இதை முதல் பக்கத்துக்கு ஏற்ற மாதிரி இன்னும் விறுவிறுப்பாக மாற்றித் தரட்டுமா என்ற கருவியின் வாசகம் அப்படியே பேப்பரில் வந்துவிட்டது. அந்தச் செய்தி ஏஐயால் எடிட் செய்யப்பட்டது, அது தங்கள் ஏஐ கொள்கைக்கு விரோதம் என்று டான் ஒப்புக்கொண்டது. ஊரெல்லாம் அந்தக் கடைசிப் பத்தியைப் படம் பிடித்துப் பகிர்ந்து சிரித்தது. நான் பார்க்க விரும்பியது அதற்கு மேலே இருந்த பத்திகளை, கார் விற்பனை எண்களுக்குப் பக்கத்தில் நின்ற வினைச்சொற்களை.